கொடுத்த ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது எப்படி? தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்று நினைப்பவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. சிலர் மனம் மாறியவர்கள். சிலர் மேனேஜர் அறையில் மிரட்டப்பட்டு எழுதிக் கொடுத்தவர்கள். இரு தரப்பாருக்கும் கடிதம் வேறு, போக வேண்டிய அலுவலகம் வேறு, கெடுவும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் அவசரத்தில் ஒரு கடிதம் எழுதிவிடுவதால்தான் நல்ல வழக்குகள்கூடக் கெட்டுப்போகின்றன.

கீழே சொல்வது தனியார் நிறுவன வேலைக்கு மட்டுமே, அதுவும் தீபகற்ப மலேசியாவில். அரசாங்க ஊழியர்களுக்கு விதிகள் வேறு.

விளக்கத்துக்கு ஓர் உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை. லாரி எடை போடும் இடத்தில் ஏழு வருடம் வேலை செய்த கிராணி ஒருவர். 2025 ஜூன் 9, திங்கட்கிழமை காலை, எடைச் சீட்டுகளில் கணக்கு இடிக்கிறது என்று அவரை மேனேஜர் கூப்பிடுகிறார். அரை மணி நேரத்தில் ராஜினாமாக் கடிதம் கையெழுத்தாகிவிடுகிறது. அவருடைய வேலை ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எதுவும் எழுதப்படவில்லை.

1. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

வேலை ஒப்பந்தம் அல்லது நியமனக் கடிதம், ராஜினாமாக் கடிதத்தின் நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு. நிறுவனக் கையேடோ சங்கத்தின் கூட்டு ஒப்பந்தமோ இருந்தால் அதுவும். ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது பற்றிச் சில கையேடுகளில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி உங்களுக்குச் சாதகமாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ராஜினாமாக் கடிதத்தின் நகல் பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. மேனேஜர் அறையில் எழுதியது அங்கேயே தங்கிவிடும். நகல் கேட்டு ஆபிஸ் கிராணியிடம் வாயால் சொல்வதோடு நிற்காமல், வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். கொடுக்க மறுத்தால், கேட்டதற்கு ஒரு பதிவாவது இருக்கும்.

2. கடைசி நாள் எது என்று கணக்கிடுங்கள்

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. எழுதப்படாவிட்டால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு பொருந்தும்: இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 6 வாரம், ஐந்து வருடமும் அதற்கு மேலும் 8 வாரம். நோட்டீஸ் கொடுத்த நாளும் கணக்கில் சேரும். பலர் மறுநாளிலிருந்து எண்ணி ஒரு நாள் தவறவிடுகிறார்கள்.

நம் கிராணிக்கு 8 வாரம், அதாவது 56 நாள். ஜூன் 9-ஐ முதல் நாளாக வைத்து எண்ணினால் ஆகஸ்ட் 3-இல் முடிகிறது. அதுவரை அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான். திரும்பப் பெறும் முயற்சி முழுவதும் இந்தக் காலத்துக்குள் நடக்க வேண்டும். கடைசி நாள் கடந்த பிறகு ‘திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுத எதுவும் மிச்சமிருக்காது. அதற்குப் பெயர் புதிதாக வேலை கேட்பது.

3. வேலைக்குப் போவதை நிறுத்தாதீர்கள்

கோபத்தில் மறுநாளிலிருந்து வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. முன்கூட்டி விடுப்பு வாங்காமல், தகுந்த காரணம் சொல்லி முதலாளிக்குத் தெரிவிக்கவும் செய்யாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஊழியரே ஒப்பந்தத்தை முறித்ததாக 15-ஆவது பிரிவு கருதுகிறது. ராஜினாமாப் பிரச்சினையோடு இன்னொரு பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும்.

வாய்ச் சண்டையில் “நான் வேலையை விடுறேன் துரை” என்று சொன்னதோடு சரி, எழுதிக் கொடுக்கவில்லை என்றால் உங்கள் நிலை பரவாயில்லை. நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சொல்லிவிட்டு வராமலும் இருந்துவிட்டால், வாயால் சொன்னதைச் செய்கையால் உறுதிப்படுத்தியதாகிவிடும். மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போய் வருகையைப் பதிவு செய்யுங்கள்.

வாசலிலேயே நிறுத்தி உள்ளே விடவில்லை என்றால், அந்த நேரத்தையும் தடுத்தவர் யார் என்பதையும் அப்போதே மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: “காலை 7.30-க்கு வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்.” சண்டை வேண்டாம். அந்தச் செய்தி போதும்.

4. எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

சட்டத்தின் பொது நிலை எளிது. தானாக எழுதிக் கொடுத்த ராஜினாமா, முதலாளி கைக்குப் போய்ச் சேர்ந்ததும் செல்லுபடியாகிவிடும். அதை முதலாளி ‘ஏற்றுக்கொள்ள’ வேண்டும் என்பதுகூட அவசியமில்லை. திரும்பப் பெறுவதற்குத்தான் அவருடைய சம்மதம் வேண்டும். ஆகவே மனம் மாறியவர் செய்வது ஒரு வேண்டுகோள்.

மிரட்டலில் எழுதிய கடிதத்தின் கதை வேறு. “நீயா எழுதிக் கொடு, இல்லாட்டி இன்னைக்கே வேலையிலிருந்து தூக்கிடுவேன்” என்பதற்குப் பயந்து கொடுத்ததை நீதிமன்றம் ராஜினாமாவாகப் பார்க்காது, வேலை நீக்கமாகவே பார்க்கும். அங்கே நீங்கள் சலுகை கேட்கவில்லை. அந்தக் கடிதமே செல்லாது என்கிறீர்கள்.

சிக்கல் இப்படித்தான் வருகிறது. மிரட்டப்பட்டவர் வீட்டுக்குப் போகிறார். சொந்தக்காரர் யாராவது, “முதல்ல பணிவா ஒரு லெட்டர் எழுதிப் பாரு, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்” என்கிறார். அவரும் ‘அவசரப்பட்டு முடிவெடுத்துவிட்டேன், மன்னித்து மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிக் கொடுக்கிறார். நிறுவனம் மறுக்கிறது. மூன்று வாரம் கழித்துக் கட்டாயப்படுத்தினார்கள் என்று புகார் செய்யும்போது அந்தப் பணிவான கடிதத்தையே எதிர்த்தரப்பு மேசையில் வைக்கும்: ‘அவர் கைப்பட எழுதியிருக்கிறார், முடிவு அவருடையதுதான்.’ ஆக, மிரட்டல் நடந்திருந்தால் முதல் கடிதத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். மரியாதையாகச் சொல்லலாம், சொல்லாமல் விடக்கூடாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. உண்மையில் மனம் மாறியவர், நிறுவனம் மறுத்துவிட்ட கோபத்தில் மிரட்டினார்கள் என்று கதையை மாற்றுவது. குறுக்கு விசாரணையில் அது நிற்காது.

5. கட்டாயம்தானா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள்

ராஜினாமா என்ற பேச்சை முதலில் எடுத்தது யார்? கடிதத்தின் வாசகம் யாருடையது, யார் தட்டச்சு செய்தது? யோசிக்க ஒரு நாள் கேட்டபோது கிடைத்ததா? வெளியே போகவோ, சங்கத்துக்கோ வீட்டுக்கோ போன் செய்யவோ விட்டார்களா? எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்று சொன்னார்கள்? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் உங்களிடம் வழக்கு இருக்கிறது.

நம் கிராணி விஷயத்தில், கடிதம் அவர் உள்ளே போவதற்கு முன்பே அச்சடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் இன்றே வேலை போய்விடும், போலீசிலும் புகார் கொடுப்போம் என்றார்கள். போன் செய்ய விடவில்லை. இது வலுவான நிலை.

ஆனால் எல்லா நெருக்கடியும் கட்டாயம் ஆகிவிடாது. ‘உங்கள் மேல் விசாரணை நடக்கும்’ என்று மட்டும் சொல்லி, விசாரணைக்கு நிற்பதா விலகுவதா என்று யோசிக்க இரண்டு நாளும் கொடுத்து, ஊழியரே விலகல் நல்லது என்று எழுதியிருந்தால், அதைக் கட்டாயம் என்று நிரூபிப்பது கடினம். பேரம் பேசி, ஒரு தொகை வாங்கிக்கொண்டு எழுதிய ராஜினாமாவும் அப்படித்தான். அங்கே மிரட்டலைவிட அந்தத் தொகைதான் விலகலுக்குக் காரணம் என்று நீதிமன்றம் கொள்ளலாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சாதாரண வேலை நீக்க வழக்கில் காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. ‘இவர் தானாகவே விலகினார்’ என்று முதலாளி சொல்லும்போது, அது நீக்கம்தான் என்று நிரூபிக்கும் பாரம் முதலில் ஊழியர் மேல் விழுகிறது. இதனால்தான் முதல் இரண்டு மூன்று நாளில் நீங்கள் விட்டுவைக்கும் எழுத்துப் பதிவு அவ்வளவு முக்கியம்.

6. கடிதம் எழுதுங்கள்

மலாயில் எழுதுவது நல்லது. மேனேஜர், தலைமை அலுவலகம், பிறகு அரசாங்க அதிகாரி என யார் கைக்குப் போனாலும் மொழிபெயர்ப்புத் தேவைப்படாது. தலைப்பில் ‘மெனாரிக் பாலிக் நோடிஸ் பெலெத்தாக்கான் ஜவாத்தான்’ என்று போட்டால் விஷயம் என்ன என்று எவருக்கும் புரியும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

மனம் மாறியவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: “இந்தத் தேதியில் நான் கொடுத்த ராஜினாமா நோட்டீசைத் திரும்பப் பெற அனுமதி கேட்கிறேன். என் சேவை இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தொடர்ந்து வேலைக்கு வந்துகொண்டிருக்கிறேன். எழுத்துமூலம் பதில் தாருங்கள்.” குடும்பக் காரணத்தை ஒரு வரியில் சொல்லலாம். மேனேஜரோடு உள்ள பழைய மனஸ்தாபங்களை இங்கே கொட்டாதீர்கள். சம்மதம் கேட்கும் கடிதம் அது.

மிரட்டப்பட்டவர் எழுத வேண்டியது வேறு: “ஜூன் 9 காலை, இன்னார் முன்னிலையில், இந்த வார்த்தைகளைச் சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. அது என் விருப்பத்தில் கொடுத்த ராஜினாமா அல்ல. அதை நான் ஏற்கவில்லை, உடனே திரும்பப் பெறுகிறேன். வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்.” பேசிய வார்த்தைகளை நினைவில் உள்ளபடியே எழுதுங்கள், மெருகேற்ற வேண்டாம். ‘மன்னிப்பு’, ‘தவறாக முடிவெடுத்தேன்’ என்ற சொற்கள் இந்தக் கடிதத்தில் வரவே கூடாது.

மிரட்டல் நடந்த அன்று மாலையே இதைக் கொடுத்தால் நம்பகம் அதிகம். மறுநாளும் நல்லதுதான். ஒரு மாதம் கழித்து, பிரிவு விருந்தில் மாலை போட்டுப் படமும் எடுத்துக்கொண்ட பிறகு கொடுக்கும் கடிதத்தை யார் நம்புவார்கள்?

7. கொடுத்ததற்குச் சான்று வாங்குங்கள்

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை ஆபிசில் கொடுத்து, மற்றதில் தேதி போட்டு ‘தெரிமா’ சாப் அடித்து வாங்குங்கள். மண்டோர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். அவர் கொடுத்தாரா, எப்போது கொடுத்தார் என்பதே தனி வழக்காகிவிடும்.

சாப் அடிக்க மறுத்தால் அன்றைக்கே பதிவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனத்தின் தோட்டம் என்றால் தலைமை அலுவலக மனிதவளப் பிரிவுக்கும் மின்னஞ்சலில் ஒரு பிரதி போக வேண்டும். தோட்டத்தில் வாங்கிய கையெழுத்தைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு ஒன்றுமே தெரியாமல் இருப்பதும் உண்டு. அங்கிருந்து ஒரு கேள்வி வந்தாலே சில விஷயங்கள் சீக்கிரம் அடங்கும்.

8. பதில் வரும்வரை செய்யக்கூடாதவை

விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி பெரும்பாலும் அதன் அடியில்தான் இருக்கும். மிச்சமுள்ள ஆண்டு விடுப்பை நோட்டீஸ் காலத்தில் கழிக்கவும் நீங்களாகக் கேட்காதீர்கள். கிளம்பத் தயாராகிவிட்டவர் போலத் தோன்றும்.

கடைசிச் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் அதைத் தடுக்க உங்களால் முடியாது. வந்த அன்றே, “என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இதைப் பெற்றுக்கொள்கிறேன், ராஜினாமாவை நான் ஏற்கவில்லை” என்று ஒரு செய்தி அனுப்புங்கள். தோட்ட வீட்டுச் சாவியையும் கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டாம். வீட்டைக் காலி செய்யும் தேதியை எழுத்தில் கேளுங்கள்.

9. நிறுவனம் சம்மதித்தால்: அந்தக் கடிதத்தைக் கவனமாகப் படியுங்கள்

“சரி சரி, வேலைக்கு வா” என்று வாயால் சொன்னது போதாது. மேனேஜர் மாறினால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும். மௌனத்தையும் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆகஸ்ட் 3 கடந்தும் வழக்கம்போல வேலை கொடுத்து முழுச் சம்பளமும் போட்டால், சம்மதித்தார்கள் என்று வாதாட இடமுண்டு. அதை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட ஒரு வரி எழுதி வாங்குவது மேல்.

அந்தக் கடிதம் எந்த வகை என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘உங்கள் ராஜினாமாவைத் திரும்பப் பெற அனுமதிக்கிறோம், சேவை தொடர்கிறது’ என்றால் நல்லது. புதிய நியமனக் கடிதத்தை நீட்டி, ‘இதில் கையெழுத்துப் போடுங்கள், பழைய மாதிரிதான்’ என்றால் நிறுத்துங்கள். பழைய மாதிரி இல்லை, சேவைக் காலம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது.

நம் கிராணிக்கு அது எவ்வளவு இழப்பு என்று பாருங்கள். சட்டப்படி ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 16 நாள் ஆண்டு விடுப்பு, புதியவருக்கு 8 நாள். நோட்டீஸ் பாதுகாப்பு 8 வாரத்திலிருந்து 4 வாரமாகக் குறைகிறது. நாளைக்கே ஆலையை மூடி ஆட்குறைப்புச் செய்தால், 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி ஏழு வருடக்காரருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் 140 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். புதிய நியமனத்தில் பன்னிரண்டு மாதம் முடியும்வரை அது சுத்தமாக இல்லை. ‘முந்தைய சேவை தொடர்ச்சியாகக் கருதப்படும்’ என்ற வரியைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.

10. நிறுவனம் மறுத்தால்

தானாகக் கொடுத்த ராஜினாமா என்றால் மறுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. காரணம் சொல்லவும் தேவையில்லை. வேறு ஆள் எடுத்துவிட்டோம் என்பார்கள், அல்லது ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த மறுப்பு மட்டும் வேலை நீக்கம் ஆகாது. கையேட்டிலோ கூட்டு ஒப்பந்தத்திலோ திரும்பப் பெறும் உரிமை எழுதியிருந்தால்தான் அதைக் காட்டி வாதாடலாம். கடும் கோபத்திலோ மனநோய்ப் பாதிப்பிலோ எழுதியதை மறுநாளே திரும்பக் கேட்டும், நிலைமை நன்றாகத் தெரிந்த நிறுவனம் பிடித்துவைத்துக்கொண்டால், உண்மையில் விலகும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வியை எழுப்பலாம். மனநோய்ப் பாதிப்பு என்றால் மருத்துவரின் குறிப்புகள் வேண்டும்.

நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கொடுத்து முன்கூட்டியே அனுப்பிவிட்டால், 13-ஆவது பிரிவில் அதற்கு இடமிருக்கிறது. சம்பளம் கொடுக்காமல் அனுப்பினால் அந்தப் பணத்துக்குத் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

11. கட்டாயம் என்றால் எங்கே, எப்போது புகார்

இங்கே அலுவலகம் மாறுகிறது. தொழிலாளர் இலாகா சம்பளப் பாக்கியைப் பார்க்கும் இடம். வேலையைத் திரும்பக் கேட்கும் மனு, 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்கீழ், ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹாஆன் எனும் தொழில் உறவு இலாகாவுக்குப் போக வேண்டும். சுங்கை சிப்புட்காரர்களுக்கு ஈப்போ அலுவலகம். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான கவுன்ட்டரில் வாரக்கணக்கில் காத்திருந்து கெடுவை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

கெடு 60 நாள். தாமதத்துக்கு மன்னிப்பு கிடையாது. நோட்டீசோடு நீக்கப்பட்டவர் நோட்டீஸ் காலத்திலேயே மனுப் போடலாம், அது முடிந்து 60 நாளுக்குள்ளும் போடலாம். அந்தக் கணக்கில் நம் கிராணிக்கு அக்டோபர் 2 வரை நேரம். ஆனால் நீக்கம் நடந்தது கையெழுத்து வாங்கிய அன்றுதான் என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் கெடு ஆகஸ்ட் 8-இலேயே முடிந்துவிடும். எந்தத் தேதி சரி என்று வாதாடும் நிலைக்கே போகாதீர்கள். முந்திய தேதியைக் கெடுவாக வைத்து, அதற்கும் இரண்டு வாரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள்.

நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருப்பதால் 60 நாள் நிற்காது. தலைமை அலுவலகம் ‘பரிசீலிக்கிறோம்’ என்று எழுதிக்கொண்டே இருக்கும், நாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

மனுவில் கேட்க வேண்டியது மீண்டும் வேலை. நஷ்டஈடு மட்டும் போதும் என்று எழுதினால் மனுவின் அடிப்படையே ஆட்டம் காணும். இலாகா முதலில் இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசும். அங்கே வழக்கறிஞர் வர முடியாது, சங்க அதிகாரி உங்களுக்காகப் பேசலாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திலோ வேறு சங்கத்திலோ உறுப்பினராக இருந்தால், மனுவை எழுதும்போதே அவர்களிடம் காட்டிவிடுங்கள்.

சமரசம் நடக்காவிட்டால் விஷயம் தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். 2021 ஜனவரி 1 முதல் இதற்கு அமைச்சரின் முடிவு தேவையில்லை, இலாகாவே அனுப்பிவிடும். அங்கே வென்றால், நிரந்தர ஊழியருக்குப் பின்சம்பளம் அதிகபட்சம் 24 மாதம். இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததைக் கருத்தில் கொண்டு அதில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள். ஆகவே வழக்கு நடக்கும்போது வேறு வேலைக்குப் போகலாமா என்று பயப்பட வேண்டாம், போகலாம். சம்பளச் சீட்டுகளை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், கேட்பார்கள்.

பெர்கெசோவின் வேலை இழப்புக் காப்புறுதிக்கும் இதே 60 நாள் கெடுதான். தானாக விலகியவருக்கு அது இல்லை, மிரட்டலில் விலக்கப்பட்டவர் கேட்கலாம். அந்த விண்ணப்பத்தில் விலகிய காரணத்தை எழுதும்போது, மேனேஜருக்குக் கொடுத்த கடிதத்தையும் ஈப்போவில் கொடுத்த மனுவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மூன்றிலும் தேதியும் சம்பவமும் ஒன்றாக இருக்க வேண்டும்.